குழந்தையின் பிறப்புப் பத்திரத்தை அரபு மொழிபெயர்ப்புக்கு அனுப்பும் முன்: அடையாள எண்ணையும் முகவரியையும் மறைக்கும் முறை

வளைகுடா நாட்டில் வேலைக்குச் சென்றவர் குடும்பத்தைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள முற்படும்போது, மலாய் மொழியில் உள்ள பிறப்புப் பத்திரத்துக்கும் திருமணப் பத்திரத்துக்கும் அரபு மொழிபெயர்ப்பு கேட்கப்படுகிறது. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் அரபு மொழிபெயர்ப்பாளர் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே பத்திரத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உள்ள அறிமுகமில்லாத நான்கைந்து பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி விலை விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. அவர்களில் ஒருவரிடம்தான் வேலையைக் கொடுப்போம். ஆனால் குழந்தையின் எண், பெற்றோர் எண், வீட்டு முகவரி அனைத்தும் மற்றவர்களின் கைப்பேசிகளிலும் தங்கிவிடும்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு பத்திரத்தை எடுத்துக்கொண்டு, முதல் விசாரிப்பிலிருந்து இறுதி மொழிபெயர்ப்பு கைக்கு வரும்வரை எதை எப்போது மறைக்க வேண்டும், எப்போது திறந்து காட்ட வேண்டும் என்பதை வரிசைப்படி சொல்கிறது. எடுத்துக்காட்டாக, 2019 ஜூன் 7ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் பிறப்புப் பத்திரத்தை வைத்துக்கொள்வோம். தந்தை கத்தாரில் வேலை செய்கிறார். தாயும் குழந்தையும் அருகிலுள்ள தோட்டத்தில் இருக்கிறார்கள்.

1. முதலில் வேலையை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்

முதற்கட்டம் விலை விசாரிப்பது, இரண்டாம் கட்டம் அரபு வரைவைப் பெறுவது, மூன்றாம் கட்டம் எண்களை நிரப்பிச் சான்றளித்த பிரதியை வாங்குவது. முதல் இரண்டு கட்டங்களில் மொழிபெயர்ப்பாளருக்கு எந்த எண்ணும் தேவையில்லை, ஏனென்றால் அவர் மொழிபெயர்ப்பது சொற்களைத்தான். அடையாள எண் இலக்கமாகவே அப்படியே எடுத்தெழுதப்படும். அதற்கு மொழித்திறமை வேண்டியதில்லை, கவனம்தான் வேண்டும்.

மூன்றாம் கட்டம் வேறு. மூலத்துக்கு மாறுபடாதது என்று கையொப்பமிட்டு முத்திரை வைப்பவர், மறைக்கப்படாத மூலத்தைப் பார்த்தே தீர வேண்டும். எனவே மறைத்த படத்தைக் கொண்டு சான்றளித்த பிரதி கேட்காதீர்கள். அப்படி ஒருவர் சான்றளிக்க ஒப்புக்கொண்டால், அவரிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மூலப் பிறப்புப் பத்திரம், தடித்த வெள்ளை அட்டை ஒன்று, கத்தரிக்கோல், கறுப்பு மைப் பேனா, எண்களை எழுதி வைக்க ஒரு தாள் ஆகியவை போதும். அழைப்பிதழ் அட்டையின் பின்புறம் இதற்கு நன்றாகப் பயன்படும். ஒட்டுத்தாள்கள் வேண்டாம். அவை மெல்லியவை என்பதால், வெளிச்சத்தில் கீழே உள்ள அச்சு ஊடுருவித் தெரியும். மூலத்தின் மேல் ஒட்டுநாடாவையும் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது அச்சையும் சேர்த்து எடுத்துவிடும்.

பத்திரத்தை லேமினேட் செய்திருந்தால் மேற்கூரை விளக்கின் கீழ் படம் எடுக்காமல், பகலில் சன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து எடுங்கள். பளபளப்பு விழுந்தால் சொற்களும் படிக்க முடியாமல் போய், மொழிபெயர்ப்பாளர் தெளிவான வேறு படம் கேட்பார். அவசரத்தில் மறைக்காத பழைய படத்தை அனுப்பிவிடுவது பெரும்பாலும் அந்த வேளையில்தான் நடக்கிறது.

3. எண்ணை முழுவதுமாக மறையுங்கள், பாதியாக அல்ல

புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறுவது இந்தப் படியில்தான். வங்கிகள் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள், அடையாள அட்டை எண்ணிலும் முன்பகுதியை மறைத்துக் கடைசி நான்கை விட்டுவிடுகிறார்கள். மலேசிய அடையாள எண்ணுக்கு இது கிட்டத்தட்ட எதையுமே மறைக்காததற்குச் சமம்.

காரணம் எண்ணின் அமைப்பில் இருக்கிறது. பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலத்தின் குறியீடு. பேராக் என்றால் பெரும்பாலும் 08. கடைசி நான்கில் இறுதி இலக்கம் ஆணுக்கு ஒற்றை எண்ணாகவும் பெண்ணுக்கு இரட்டை எண்ணாகவும் இருக்கும். நம் எடுத்துக்காட்டுக் குழந்தையின் எண் 190607-08 என்று தொடங்கும் என்பதை, பத்திரத்திலேயே அச்சாகியுள்ள பிறந்த தேதியையும் இடத்தையும் பார்த்து எவரும் சொல்லிவிடலாம். கடைசி நான்கு இலக்கங்களும் தெரிந்தால் முழு எண்ணும் கிடைத்துவிடும்.

மாறாக, பன்னிரண்டையும் மறைத்துவிட்டுப் பிறந்த தேதியை மட்டும் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். முன் எட்டு இலக்கங்கள் தெரிந்துவிடும். பின் நான்குக்கு 10,000 சேர்க்கைகள் உண்டு, பெண் என்பதால் அதில் பாதி, அதாவது 5,000 மட்டுமே மிஞ்சும். ஆகவே அடையாள எண்ணுடன் பிறந்த நாளையும் மாதத்தையும் சேர்த்து மறைப்பதே என் பரிந்துரை. ஆண்டைத் திறந்து வைக்கலாம். தேதி நிரப்புவதும் கடைசிக் கட்டத்துக்குரிய வேலைதான்.

குழந்தை என்பதால் இதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். மைகிட்டில் உள்ள அதே எண்தான் 12 வயதில் எடுக்கும் மைகாட்டிலும் வரும், வாழ்நாள் முழுவதும் அது மாறாது. கடவுச்சொல்லைப்போல் அதை மாற்றிக்கொள்ள முடியாது.

பத்திரத்தில் இந்த எண் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. குழந்தையின் பகுதி, தந்தையின் பகுதி, தாயின் பகுதி ஆகியவற்றைத் தனித்தனியாக விரலால் தொட்டுப் பாருங்கள். தகவல் அளித்தவர் என்ற பகுதி இருந்தால், அங்கே தாத்தாவின் எண்ணோ அத்தையின் எண்ணோ இருக்கக்கூடும். அது அவர்களுடைய எண், அவர்களைக் கேட்காமல் அனுப்புவது முறையாகாது. பதிவு எண்ணையும், பட்டைக் குறியோ சதுரக் குறியோ இருந்தால் அதையும் மறைத்துவிடுங்கள். அவை வெறும் கோடுகளாகத் தெரிந்தாலும், கைப்பேசியைக் காட்டினாலே உள்ளிருக்கும் எண்ணைப் படித்துவிடலாம்.

4. தோட்டத்து முகவரிக்கு வேறு கணக்கு

நகரத்தில் வீட்டு எண்ணை மறைத்தால் ஓரளவு போதும். ஒரு தாமானில் ஒரே சாலையில் நூறு வீடுகள் இருக்கலாம். தோட்டத்தில் அப்படியில்லை. தோட்டத்தின் பெயரும் தந்தையின் பெயரும் தெரிந்தால், வாசலில் உள்ள காவலரையோ மளிகைக் கடைக்காரரையோ கேட்டு நேராக வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், வீட்டில் தாயும் குழந்தையும் மட்டுமே இருக்கிறார்கள் என்பதும் மொழிபெயர்ப்பின் நோக்கத்திலிருந்தே விளங்கிவிடுகிறது. இதனால்தான் இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

எனவே வீட்டு எண், வரிசை எண், டிவிஷன், தோட்டத்தின் பெயர் ஆகிய அனைத்தையும் மறையுங்கள். அஞ்சல் குறியீடு, பட்டணம், மாநிலம் ஆகியவற்றை விட்டுவிடலாம். 31100 சுங்கை சிப்புட், பேராக் என்பது பல ஆயிரம் பேருக்குப் பொதுவானது. பெயர்களை மறைக்க வேண்டாம். அவற்றை அரபு எழுத்தில் ஒலிபெயர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் முக்கிய வேலைகளில் ஒன்று. கடப்பிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையும் தனியாகத் தட்டச்சு செய்து கொடுத்தால் பின்னால் திருத்தம் குறையும்.

5. அட்டைத் துண்டுகளால் மறைத்துப் படம் எடுங்கள்

படத்தை எடுத்துவிட்டுப் பிறகு அதன் மேல் கறுப்புப் பூசுவதைவிட, பத்திரத்தின் மேலேயே அட்டைத் துண்டுகளை வைத்துப் படம் எடுப்பது உறுதியான வழி. கேமராவுக்குள் போகாத எண்ணை எந்தச் செயலியாலும் மீட்டெடுக்க முடியாது. கைப்பேசியின் படத்தொகுப்பிலும், தானாகவே மேகச் சேமிப்புக்குப் போகும் பிரதியிலும்கூட அந்த எண் இருக்காது.

ஒவ்வொரு துண்டையும் எண்ணைவிடச் சற்று நீளமாக வெட்டி, அதன் மேல் ஓர் அடையாளக் குறியைத் தெளிவாக எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் குறிகள் இவ்வாறு அமையும்:

```
A1  குழந்தையின் எண்
A2  தந்தையின் எண்
A3  தாயின் எண்
A4  பிறந்த நாளும் மாதமும்
A5  வீடு, வரிசை, தோட்டம்
A6  பதிவு எண்
```

வெறும் கறுப்புக் கட்டமாக விட்டால், மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தை வரைவில் விட்டுவிடவோ, இரண்டு இடங்களை ஒன்றாக்கிவிடவோ கூடும். குறி இருந்தால் அரபு வரைவிலும் அதே இடத்தில் அதே குறி வந்து நிற்கும். ஒரே எண் இரண்டு இடங்களில் இருந்தால் இரண்டிலும் ஒரே குறியை எழுதுங்கள். ஒவ்வொரு குறிக்கும் உரிய உண்மையான எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், அந்தத் தாளைப் படம் எடுக்காதீர்கள்.

படம் எடுக்கும் முன் கேமராவில் ஓர் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஐபோனில் Live என்பது இயக்கத்தில் இருந்தால், பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னுமாக ஒன்றரை விநாடி அசைவும் படத்துடன் பதிவாகிறது. சாம்சங் போன்ற கைப்பேசிகளிலும் இதற்கு இணையான அசைவுப் படம் உண்டு. துண்டு காற்றில் விலகியதும், கை அதைச் சரிசெய்ததும், அந்த இடைவெளியில் தெரிந்த எண்ணும் அதில் இருக்கலாம். ஆகவே அதை அணைத்துவிட்டே எடுங்கள். மின்விசிறியையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்குள் பத்திரத்தைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. மேசையில் கிடக்கும் மின்கட்டண ரசீது, கிளினிக் அட்டை, உறையின் மேல் எழுதிய முகவரி ஆகியவை ஓரத்தில் விழுந்தாலும், பத்திரத்தில் பட்ட பாடு வீணாகிவிடும்.

6. பழைய படம் மட்டுமே கையில் இருந்தால்

மூலப் பத்திரம் கணவரிடம் கத்தாரில் இருக்கிறது, இங்கே படம் மட்டுமே இருக்கிறது என்றால், கைப்பேசியின் திருத்தும் கருவியால்தான் மறைக்க வேண்டும். அப்போது மூன்று வழிகளைத் தவிருங்கள்.

முதலாவது, மார்க்கர் பேனாவால் கிறுக்குவது. பல கைப்பேசிகளில் அந்த மை முழுக் கறுப்பு அல்ல, ஓரளவு ஒளி ஊடுருவுவது. இரண்டு மூன்று முறை தீட்டினால் கண்ணுக்கு மறைந்துவிட்டதுபோல் இருக்கும், வெளிச்ச அளவைக் கூட்டினால் எண் மீண்டும் எழும்பும். இரண்டாவது, மங்கலாக்குவதும் சதுரங்களாகச் சிதைப்பதும். மங்கியது ஒரு முகமாக இருந்தால் அதை யூகிப்பது கடினம். ஆனால் எண்ணில் ஒவ்வோர் இடத்திலும் பத்து இலக்கங்களில் ஒன்றுதான் இருக்க முடியும். அதே எழுத்துருவில் பத்தையும் மங்கலாக்கி ஒப்பிட்டால் எது எது என்று கண்டுகொள்ளலாம்.

மூன்றாவது, பி.டி.எஃப். கோப்பில் எண்ணின் மேல் கறுப்புப் பெட்டி வரைவது. ஸ்கேன் செயலிகள் பல, படத்திலுள்ள எழுத்துகளைப் படித்துக் கோப்புக்குள் தனி அடுக்காக வைக்கின்றன. பெட்டி மேலே கிடக்கும், எண் அடியில் அப்படியே இருக்கும், தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வெளியே வரும்.

சரியான வழி, முழுக் கறுப்பாக நிரப்பிய செவ்வகத்தை எண்ணின் மேல் வைத்து, அதன் பின் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் புதிய படத்தை மட்டும் அனுப்புவது. திருத்திய படத்தையே அனுப்பாமல் ஏன் இந்தக் கூடுதல் வேலை என்றால், திருத்தங்கள் சில கைப்பேசிகளில் மூலத்தை அழிப்பதில்லை, மேலே ஓர் அடுக்காகவே நிற்கின்றன. 2023இல் கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் திருத்தும் கருவியில் வெளிப்பட்ட குறை இதைத்தான் காட்டியது. வெட்டிச் சேமித்த ஸ்கிரீன்ஷாட்டின் கோப்புக்குள் வெட்டப்பட்ட பகுதியின் தரவும் தங்கியிருந்ததால், அதை ஓரளவு மீட்க முடிந்தது. அது பின்னர் சரிசெய்யப்பட்டாலும், முன்பே அனுப்பிய படங்களை அது காப்பாற்றவில்லை. மறைத்த பின் புதிதாக எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில், திரையில் தெரிந்ததைத் தவிர வேறொன்றும் இருக்காது. அதை மறுபடி வெட்டாமல் அப்படியே அனுப்புங்கள்.

7. அனுப்பும் முன் சோதியுங்கள்

படத்தை முதலில் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, அங்கிருந்து இறக்கிச் சேமியுங்கள். மற்றவர் கைக்கு எது போய்ச் சேரும் என்பதை அப்போதுதான் பார்க்க முடியும். அந்தப் பிரதியைப் பெரிதாக்கி, ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் பாருங்கள். 7 என்ற இலக்கத்தின் மேற்கோடு மட்டும் எட்டிப் பார்த்தாலும் துண்டை மாற்றி வைத்து மீண்டும் எடுங்கள்.

அடுத்து, வெளிச்சத்தையும் நிழல் அளவையும் மேல் எல்லை வரை கூட்டிப் பாருங்கள். அதன்பின் படத்திலுள்ள எழுத்தை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுக்க முயலுங்கள். கைப்பேசி எண்ணைப் படித்துக் காட்டினால் மறைப்பு போதாது என்று பொருள்.

8. படமாக அனுப்புங்கள், ஆவணக் கோப்பாக அல்ல

தெளிவு குறையக் கூடாது என்று பலர் படத்தை வாட்ஸ்அப்பில் ஆவணமாக இணைக்கிறார்கள். ஆவணமாக அனுப்பும்போது மூலக் கோப்பு உள்ளபடியே போகிறது. கேமராவில் இடக்குறிப்பு இயக்கத்தில் இருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்புக்குள் இருக்கும். முகவரியை அட்டையால் மறைத்துவிட்டு, வீட்டின் இருப்பிடத்தையே கோப்பில் வைத்து அனுப்பியதாகிவிடும்.

சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் இந்தக் குறிப்புகளை நீக்கிவிடுகிறது. தெளிவு தேவையென்றால் HD என்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது பத்திரத்தை மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டு படங்களாக எடுங்கள். மின்னஞ்சல்தான் வழியென்றால், இடக்குறிப்பை அணைத்துப் புதிதாகப் படம் எடுத்து, கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். குழந்தையின் பெயரையும் எண்ணையும் கோப்பின் பெயராக வைத்துச் சேமிக்கும் பழக்கம் பல நகல் கடைகளில் இருக்கிறது.

9. வரைவு வந்ததும் எண்களை நிரப்புதல்

விலை ஒத்துவந்த ஒருவரிடம் மட்டும் வேலையைக் கொடுத்து, குறிகளுடன் கூடிய வரைவை வாங்குங்கள். A1 முதல் A6 வரை எல்லாம் உரிய இடத்தில் இருக்கின்றனவா என்று, அரபு தெரியாவிட்டாலும் உங்களால் சரிபார்க்க முடியும். அதன்பின் எண்களை நேரிலோ தொலைபேசியிலோ சொல்லி நிரப்பச் செய்யுங்கள். எழுத்தில்தான் அனுப்ப வேண்டுமென்றால், பெயரில்லாமல் குறியையும் எண்ணையும் மட்டும் அனுப்புங்கள்.

நிரப்பிய பின் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அரபு வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து, எண்கள் அதற்குள்ளும் இடமிருந்து வலமாகவே படிக்கப்படும். அரபுச் சொல்லுக்கு அடுத்து நடுவில் கோடிட்ட எண்ணைத் தட்டச்சு செய்தால், கோட்டுக்கு இருபுறமும் உள்ள துண்டுகள் திரையில் இடம் மாறிவிடக்கூடும். கற்பனையான ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள்:

```
மூலத்தில்    190607-08-0000
வரைவில்     0000-08-190607
```

ஒவ்வொரு துண்டும் சரியாக இருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு இது படாது. கோடுகள் இல்லாமல் பன்னிரண்டு இலக்கங்களையும் சேர்த்து எழுதச் சொன்னால் இந்தச் சிக்கல் எழாது. அரபு நாடுகளில் வழங்கும் இலக்க வடிவத்தில் மொழிபெயர்ப்பாளர் எழுதியிருந்தால், அடையாள எண்ணை மட்டுமாவது 1, 2, 3 என்ற வடிவில் எழுதித் தரும்படி கேளுங்கள். கடப்பிதழில் உள்ள எண்ணுடன் அதிகாரி ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும், வீட்டிலுள்ள தாளுடன் நீங்கள் ஒப்பிடுவதும் எளிதாகும்.

10. சான்றளித்த பிரதிக்கு முழுப் பத்திரம்

இப்போது மூலத்தைக் காட்டியாக வேண்டும். ஈப்போவுக்கு ஒரு முறை நேரில் போய், மூலத்தைக் காட்டி, அங்கேயே ஒப்பிடச் செய்து, அதைக் கையோடு எடுத்துவருவதே சிறந்தது. அதற்கு வழியில்லை என்றால் நகல் ஒன்றை எடுத்து, அடையாள அட்டை நகலில் நாம் போடுவதுபோல் இரண்டு சாய்கோடுகள் இட்டு, நடுவில் இவ்வாறு எழுதுங்கள்:

```
UNTUK TERJEMAHAN BAHASA ARAB SAHAJA
```

அதனுடன் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதி, அந்தக் கோடுகள் எண்களின் மேல் ஓடும்படி, ஆனால் எண்கள் படிக்க முடிகிறபடி அமையுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். இந்த நகலை ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரு முறை மட்டும் திறக்கும் படமாக அனுப்பினால் அவரால் ஒப்பிட்டு வேலை செய்ய முடியாது, இன்னொரு கைப்பேசியால் அதைப் படமெடுப்பதையும் அது தடுக்காது.

சான்றளித்த பிரதி கைக்கு வந்ததும் வீட்டிலுள்ள தாளை வைத்து ஒவ்வோர் எண்ணையும் கடைசியாக ஒரு முறை ஒப்பிடுங்கள். பிழையில்லை என்றால், முழுப் பத்திரத்தின் படத்தை மொழிபெயர்ப்பாளர் தம் கைப்பேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் நீக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனைவருக்குமாக அழிக்கும் வசதி குறிப்பிட்ட காலத்துக்குள்தான் வேலை செய்யும் என்பதால், உங்கள் பக்கத்திலிருந்து அதை உடனே செய்துவிடுங்கள். எண்கள் எழுதிய தாளைக் கிழித்துவிடலாம். அட்டைத் துண்டுகளை வைத்துக்கொண்டால் திருமணப் பத்திரத்துக்கும் உதவும். அதில் தம்பதியரின் எண்களோடு சாட்சிகளின் எண்களும் இருக்கும் என்பதால் இன்னும் இரண்டு துண்டுகள் கூடுதலாக வெட்ட வேண்டியிருக்கும்.